ஆன்லைன் மளிகை டெலிவரித் தொழிலில் லாபம் தங்குமா? ஐந்து விசைகளை ரூபாயில் அளந்து பார்ப்பது எப்படி

ஒரு தொழிலில் இறங்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "இதுக்கு டிமாண்ட் இருக்கா?" என்பதைத்தான். மளிகைக்கு டிமாண்ட் எப்போதும் உண்டு. ஆனால் அந்த டிமாண்டிலிருந்து வரும் பணம் யார் கையில் நிற்கிறது என்பது வேறு கேள்வி. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-ல் எழுதிய கட்டுரையில் முன்வைத்த ஐந்து விசை மாதிரி இந்த இரண்டாவது கேள்விக்கானது. ஏற்கெனவே களத்தில் இருப்பவர்களின் போட்டி, புதிதாக நுழையக்கூடியவர்கள், வாங்குபவர்களின் பேரம் பேசும் வலு, சரக்கும் உழைப்பும் தருபவர்களின் வலு, உங்கள் சேவைக்குப் பதிலாக மக்கள் கைக்கொள்ளும் மாற்று வழிகள் என்று ஐந்து. இவை எவ்வளவு வலுவாக இருக்கின்றனவோ, அவ்வளவுக்குத் தொழிலில் இருக்கும் லாபம் உங்களைத் தாண்டிப் போய்விடும்.

புதிதாகப் பழகுபவர்கள் இந்த மாதிரியைக் கையாளும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். ஐந்து கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் "அதிகம்", "நடுத்தரம்", "குறைவு" என்று எழுதி, கடைசியில் "மொத்தத்தில் நடுத்தரம்" என்று முடித்துவிடுவார்கள். அந்தத் தாளை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. அதைவிடப் பயனுள்ள வழி, ஒரே ஓர் ஆர்டரின் கணக்கை எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விசையும் அதில் எந்த வரியை எத்தனை ரூபாய் அசைக்கிறது என்று பார்ப்பது. திருச்சி தில்லைநகர், தென்னூர், உறையூர் பகுதியில் ஆன்லைன் மளிகை டெலிவரி தொடங்க நினைக்கும் ஒருவருக்காக இதைச் செய்து பார்ப்போம். இதில் வரும் கணக்கு எடுத்துக்காட்டுக்கானது. உங்கள் ஊர் எண்களை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: எல்லைக்கோடு

"இந்திய ஆன்லைன் மளிகைச் சந்தை" என்று எடுத்துக்கொண்டால் ஆராய்ச்சி அங்கேயே கெட்டுவிடும். பெங்களூருவில் பத்து நிமிட டெலிவரிக்கு நடக்கும் சண்டைக்கும் உறையூரில் ஒரு வீட்டுக்கு மாதச் சாமான் போவதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான். எல்லையை மூன்று கோடுகளால் வரையுங்கள்: என்ன பொருள், எந்தப் பகுதி, எவ்வளவு நேரத்தில். நம் எடுத்துக்காட்டில் பொருள் என்பது மளிகை, சோப்பு வகையறா, காய்கறி. பகுதி, தில்லைநகரை நடுவாக வைத்து மூன்று கிலோமீட்டர். நேரம், ஆர்டர் வந்து இரண்டு மணி நேரத்துக்குள்.

எல்லையை வரைந்ததும் உடனே தீர்க்க வேண்டிய ஒரு சிக்கல் வரும். தெருமுனை அண்ணாச்சி கடை உங்களுக்குப் போட்டியாளரா, மாற்று வழியா? வாட்ஸ்அப்பில் லிஸ்ட் வாங்கி, பையன் கையில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கடை என்றால் அது நேரடிப் போட்டியாளர். ஆள் நேரில் போய்த்தான் வாங்க வேண்டும் என்றால் மாற்று வழி. எப்படி வைத்தாலும் சரி, ஒரே கடையை இரண்டு இடத்திலும் எண்ணாதீர்கள். எண்ணினால் எல்லா விசையும் பயங்கரமாகத் தெரியும், எதைச் சரிசெய்வது என்பது மட்டும் தெரியாது.

இரண்டாம் படி: ஓர் ஆர்டரின் கணக்கு

சராசரி ஆர்டர் 600 ரூபாய் என்று வைப்போம். அதில் 300 ரூபாய்க்கு கம்பெனி பாக்கெட் சரக்கு (சோப்பு, பிஸ்கட், காபித்தூள், மசாலா), 200 ரூபாய்க்கு அரிசி, பருப்பு, எண்ணெய், 100 ரூபாய்க்குக் காய்கறி. பாக்கெட் சரக்கில் 10% நின்றால் 30 ரூபாய். அரிசி, பருப்பில் 8% என்றால் 16 ரூபாய். காய்கறியில் 25% வைத்தாலும் அழுகல், வாடல், எடைக் குறைவு போக 15 ரூபாய்தான் மிஞ்சும். ஆக சரக்கில் கிடைப்பது 61 ரூபாய். டெலிவரிக் கட்டணம் 20 ரூபாய் சேர்த்தால் 81.

இனி செலவு. ஒரு நாளைக்கு 40 ஆர்டர், மாதம் 1,200 என்று கொள்வோம்.

- டெலிவரி ஆட்கள் இருவர், சம்பளம் 15,000, பெட்ரோல் 3,000 வீதம்: ஆர்டருக்கு 30 ரூபாய்
- சாமான் எடுத்துப் பை கட்டும் ஆள் ஒருவர், 14,400: ஆர்டருக்கு 12
- வாடகை, கரண்ட், ஃபிரிட்ஜ், 21,600: ஆர்டருக்கு 18
- பை, கவர்: 5
- ஆப், மெசேஜ் செலவு: 3
- தள்ளுபடி, கூப்பன்: 12

கூட்டினால் 80. மிச்சம் ஒரு ரூபாய். மாதம் 1,200 ரூபாய், அதுவும் முதலாளி தனக்குச் சம்பளம் எடுக்காமல்.

இந்த ஒரு ரூபாயைப் பார்த்து மனம் தளர வேண்டாம், கணக்கை மாற்றிப் போட்டு அழகாக்கவும் வேண்டாம். இவ்வளவு மெல்லிய இடைவெளியில் ஓடும் தொழில் என்பதால்தான் ஐந்து விசைகளில் எது லேசாக அசைந்தாலும் உடனே தெரிகிறது. அமெரிக்காவில் வெப்வான் என்ற ஆன்லைன் மளிகை நிறுவனம் 1999-ல் பங்குச் சந்தைக்கு வந்து, 2001-ல் திவாலானது. வாங்க ஆள் இருந்தார்கள். ஆர்டர் எண்ணிக்கையால் தாங்க முடியாத அளவுக்குக் கிடங்குச் செலவு இருந்தது.

மூன்றாம் படி: போட்டியை அளப்பது

மளிகையில் ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. பாக்கெட் சரக்கில் எம்.ஆர்.பி அச்சிட்டிருக்கிறது. அதற்கு மேல் விற்கக் கூடாது, அது சட்டம். அதே சோப்பு, அதே பிஸ்கட் எல்லோரிடமும் இருக்கிறது. மேலே ஏற முடியாது, கீழே இறங்கத் தடை இல்லை. இந்த அமைப்பில் போட்டி என்று வந்தால் அது விலைக் குறைப்பாகத்தான் வரும்.

அளப்பதற்குப் பன்னிரண்டு பொருள் கொண்ட ஒரு கூடையைத் தயார் செய்யுங்கள். பொன்னி அரிசி ஐந்து கிலோ, துவரம்பருப்பு ஒரு கிலோ, கடலை எண்ணெய் ஒரு லிட்டர், தக்காளி, சின்ன வெங்காயம், ஒரு பிராண்ட் காபித்தூள், துணி சோப்பு என்று உங்கள் பகுதி வீடுகளில் உண்மையில் வாங்குவது. அந்தக் கூடையை உங்கள் பின்கோடுக்கு டெலிவரி தரும் ஒவ்வொரு செயலியிலும், இரண்டு பெரிய மளிகைக் கடைகளிலும் வாரம் ஒருமுறை, நான்கு வாரம் விலை போட்டுப் பாருங்கள். நான்கு வாரம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. சம்பளம் வரும் முதல் வாரத்தில் தள்ளுபடி ஒரு மாதிரி இருக்கும், மாதக் கடைசியில் வேறு மாதிரி இருக்கும். ஒரே நாள் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

விலையை எழுதும்போது இரண்டு தவறுகள் சாதாரணமாக நடக்கின்றன. ஒன்று, பாக்கெட் அளவைக் கவனிக்காமல் விடுவது. ஒரு செயலியில் 450 கிராம், இன்னொன்றில் 500 கிராம் இருக்கும். எல்லாவற்றையும் கிலோ விலைக்கு மாற்றுங்கள். இரண்டு, பொருள் விலையோடு நிறுத்திக்கொள்வது. கையாளும் கட்டணம், சின்ன ஆர்டருக்கான கட்டணம், எத்தனை ரூபாய்க்கு மேல் டெலிவரி இலவசம் என்பது எல்லாம் சேர்ந்த கடைசித் தொகைதான் வாடிக்கையாளர் கண்ணில் படுவது.

நான்கு வார முடிவில் உங்களுக்குத் தேவை ஓர் எண்: அந்தக் கூடையின் தள்ளுபடி இல்லாத விலைக்கும், களத்தில் இருக்கும் மிகக் குறைந்த கடைசித் தொகைக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம்? அது 5% என்றால் 600 ரூபாய் ஆர்டருக்கு 30 ரூபாய் தள்ளுபடி தராமல் நீங்கள் நிற்க முடியாது. நாம் கணக்கில் வைத்தது 12. ஆகவே போட்டி நம் கணக்கிலிருந்து 18 ரூபாயை எடுக்கிறது.

நான்காம் படி: வாங்குபவர்கள்

ஒவ்வொரு வீடும் சின்ன வாடிக்கையாளர்தானே, அவர்களுக்கு என்ன பேரம் பேசும் வலு என்று தோன்றும். பெரிய கம்பெனிக்குச் சரக்கு விற்பவர்களுக்கு இருக்கும் பயம் இங்கே இல்லை என்பது உண்மைதான். ஆனால் போனில் நான்கு செயலிகள் வைத்திருப்பவருக்கு உங்களை விட்டுப் போக ஒரு நிமிடம் போதும், ஒரு ரூபாய் நஷ்டமும் இல்லை. மாறிப்போகும் செலவு இல்லாத இடத்தில் தனித்தனிச் சின்ன வாடிக்கையாளர்கள் கூட்டமாகப் பெரிய பேரக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள்.

அண்ணாச்சி கடையின் வலு இங்கேதான் தெரியும். அங்கே கணக்கு நோட்டு இருக்கிறது. மாதம் முழுக்க எழுதி வாங்கிவிட்டு, சம்பளம் வந்ததும் தீர்க்கலாம். பாக்கி இருக்கும் வரை வேறு கடைக்குப் போக மனம் வராது. உங்கள் செயலியில் அப்படிக் கட்டிவைக்கும் கயிறு ஏதும் கிடையாது. கடன் கொடுக்கத் தொடங்கினால் கயிறு கிடைக்கும், ஆனால் சரக்கு தரும் ஏஜென்சிக்கு ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வாடிக்கையாளரிடம் முப்பது நாள் காத்திருக்கும் முதலீடு வேண்டும். 600 ரூபாய் ஆர்டர் 1,200 என்றால் மாத விற்பனை 7,20,000. அதில் பாதி கடனில் போனாலும் சில லட்சம் ரூபாய் எப்போதும் வெளியே நிற்கும்.

இந்த விசையை அளக்க இருபது வீடுகளில் பேசுங்கள். "நாங்கள் தொடங்கினால் வாங்குவீர்களா?" என்று கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். கடைசியாகச் சாமான் எங்கே வாங்கினீர்கள், பில் எவ்வளவு, யார் தூக்கி வந்தார், டெலிவரிக் கட்டணம் கொடுத்தீர்களா என்று நடந்து முடிந்ததை மட்டும் கேளுங்கள். பில் போனில் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். இருபது பேரில் எத்தனை பேர் கடந்த மாதம் உண்மையிலேயே டெலிவரிக் கட்டணம் செலுத்தினார்கள் என்பதே இங்கே முக்கியமான எண். நான்கைந்து பேர்தான் என்றால் உங்கள் 20 ரூபாய்க் கட்டணம் கணக்கில் நிற்காது. அந்த 20 ரூபாயும் போயிற்று.

ஓர் ஓரக் குறிப்பு. வாடிக்கையாளர் மிகவும் ஆசைப்பட்டு வீட்டுக்குக் கேட்பது அரிசி மூட்டையைத்தான். 2022 ஜூலையில், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5% ஜி.எஸ்.டி வந்த பிறகு 26 கிலோ மூட்டைகள் கடைகளில் பரவின. அந்த மூட்டையில் லாபம் குறைவு. பைக்கில் ஏற்றினால் அந்த நடையில் வேறு ஆர்டருக்கு இடம் இல்லை, லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்றால் டெலிவரி ஆள் அடுத்த நாள் வேலைக்கு வருவாரா என்பதும் சந்தேகம். உங்கள் ஆர்டரில் எத்தனை மூட்டை என்பதைத் தனியாக எண்ணி வையுங்கள்.

ஐந்தாம் படி: சரக்கு தருபவர்கள், உழைப்பு தருபவர்கள்

பாக்கெட் சரக்குக் கம்பெனிகள் பகுதி பிரித்து ஏஜென்சி கொடுத்திருப்பார்கள். உங்கள் பகுதிக்கு அந்த பிராண்டுக்கு ஒரே ஏஜென்சிதான் இருக்கும். சேல்ஸ்மேன் வாரம் ஒருமுறை லைனுக்கு வருவார், ஆர்டர் எடுப்பார், மறுநாள் வண்டி வரும். பெரிய கடைக்கு ஸ்கீம் உண்டு: பன்னிரண்டு வாங்கினால் ஒன்று இலவசம், ஷெல்ஃபில் அடுக்கி வைத்தால் தனித் தொகை, பதினைந்து நாள் கடன். புதிதாக வருபவருக்கு ஸ்கீம் பாதிதான் எட்டும், கடன் கிடையாது. ஸ்கீம் இல்லாத 10% என்பது நடைமுறையில் 8% ஆகிவிடும். 300 ரூபாயில் 2% என்றால் 6 ரூபாய்.

உங்கள் விற்பனையில் பாதியைத் தரப்போகும் முதல் இருபது பொருட்களைப் பட்டியலிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை பேரிடம் வாங்க முடியும் என்று எழுதுங்கள். காய்கறிக்குக் காந்தி மார்க்கெட்டில் பத்து மண்டி இருக்கும், ஒருவர் விலை ஏற்றினால் அடுத்தவரிடம் போகலாம். அங்கே சரக்கு தருபவரின் வலு குறைவு. குறிப்பிட்ட பிராண்ட் காபித்தூளுக்கு ஒருவர்தான். வாடிக்கையாளரும் அந்தக் காபித்தூளை மாற்றமாட்டார். ஆவின் பாலும் அப்படித்தான். விலை அவர்கள் வைத்தது, உங்களுக்கு நிற்பது சொற்பம். ஆனால் பால்தான் தினமும் வாடிக்கையாளரை உங்களிடம் கொண்டுவரும். இருபதில் எத்தனை பொருள் "ஒருவரிடம் மட்டும்" என்ற வகையில் விழுகிறது என்பது இந்த விசையின் அளவு.

பலர் மறந்துவிடுவது உழைப்பை. டெலிவரி ஆளும் உங்களுக்கு ஒன்றைத் தருபவர்தான், அவருக்கும் பேரம் பேசும் வலு உண்டு. கையில் பைக்கும் போனும் இருப்பவர் நாளை காலையே உணவு டெலிவரிச் செயலிக்கு மாறலாம். மழை நாளிலும் தீபாவளி வாரத்திலும் அது கண்கூடாகத் தெரியும். உங்களுக்கு ஆர்டர் கூடும் நாளில்தான் அங்கே ஊக்கத்தொகையும் கூடும். சம்பளம் 15,000-லிருந்து 18,000 ஆனால் இருவருக்கு மாதம் 6,000, ஆர்டருக்கு 5 ரூபாய். ஏஜென்சி 6, ஆட்கள் 5, ஆக 11.

ஆறாம் படி: மாற்று வழிகள்

மாற்று வழி என்றதும் இன்னொரு செயலியின் பெயரைச் சொல்வது தவறு, அது போட்டி. வாடிக்கையாளரின் தேவை "செயலியில் மளிகை வாங்குவது" அல்ல. சமைக்க வேண்டிய நேரத்தில் வேண்டிய பொருள் வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை வேறு எப்படியெல்லாம் செய்துகொள்கிறார்கள் என்று பாருங்கள்.

தெருவில் காலை எட்டு மணிக்கு வரும் காய்கறித் தள்ளுவண்டி வாசலிலேயே நிற்கிறது, டெலிவரிக் கட்டணம் இல்லை, கையால் பொறுக்கி எடுக்கலாம், கறிவேப்பிலை கொத்தமல்லி கொசுறு. தென்னூர் உழவர் சந்தை காலையில் நடக்கப் போகிறவர்களின் வழியில் இருக்கிறது. மாதம் ஒருமுறை காந்தி மார்க்கெட் பக்கம் போய் மொத்தமாக வாங்கிவரும் குடும்பங்கள் உண்டு. அரிசி அட்டைக்காரர்களுக்கு ரேஷனில் அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இந்த விலைகளோடு யாராலும் போட்டியிட முடியாது. தில்லைநகரில் இது அதிகம் பாதிக்காமல் போகலாம், எல்லையை இரண்டு கிலோமீட்டர் நகர்த்தினால் பாதிக்கும். சமைக்காமலே இருப்பதும் ஒரு மாற்று வழிதான். இட்லி மாவு கடையும் ஹோட்டல் பார்சலும் உங்கள் அரிசி, உளுந்து விற்பனையைக் குறைக்கின்றன.

அளக்கும்போது விலை, நேரம், நம்பிக்கை மூன்றையும் பாருங்கள். மாற்று வழி மலிவாகவும் இருந்து, பொருளின் தரத்தை வாங்குபவர் கண்ணால் பார்த்து முடிவு செய்யவும் விட்டால் அந்தப் பொருளை நீங்கள் இழந்துவிட்டதாகவே கணக்கிடுங்கள். காய்கறி பெரும்பாலும் இப்படித்தான் போகும். அப்போது ஆர்டர் 600-லிருந்து 500 ஆகிறது, 15 ரூபாய் லாபம் போகிறது. டெலிவரிச் செலவு மட்டும் பைசா குறையாமல் அப்படியே நிற்கிறது.

ஏழாம் படி: புதிதாக வரக்கூடியவர்கள்

இரண்டு வகைப்பட்டவர்கள், இருவரையும் தனித்தனியாகப் பாருங்கள். முதல் வகை, ஏற்கெனவே கடை வைத்திருப்பவர். அவருக்குச் சரக்கு இருக்கிறது, ஏஜென்சி ஸ்கீம் இருக்கிறது, வாடகை ஏற்கெனவே கட்டுகிறார். வாட்ஸ்அப் பிசினஸில் பொருள் பட்டியல் போட்டு, யு.பி.ஐ ஸ்கேன் படம் அனுப்பினால் அவரும் ஆன்லைன் மளிகைதான். இவருக்கு நுழைவுத் தடை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜி.எஸ்.டி, மாநகராட்சித் தொழில் உரிமம் எல்லாம் வேண்டும்தான், ஆனால் அவை எல்லோருக்கும் கிடைப்பவை. உங்களுக்கு வேலை வைக்குமே தவிர, உங்களைக் காக்காது.

இரண்டாம் வகை, பெரிய முதலீட்டோடு வரும் டார்க் ஸ்டோர் நிறுவனம். வாடிக்கையாளர் உள்ளே வராத, டெலிவரிக்கு மட்டுமான கிடங்கு அது. பத்து நிமிட டெலிவரி இந்தியாவில் 2021-க்குப் பிறகு பெருநகரங்களில் பெருகி, இரண்டாம் நிலை நகரங்களுக்கும் வரத் தொடங்கியது. பெரிய கம்பெனி வந்தால் நிலைத்துவிடும் என்பதும் இல்லை. பெங்களூருவில் தொடங்கிய டன்சோ என்ற டெலிவரி நிறுவனத்தில் 2022-ல் ரிலையன்ஸ் முதலீடு செய்தது. 2025 தொடக்கத்தில் அந்தச் சேவை நின்றுபோனது. ஆனால் அப்படி வருபவர் நஷ்டப்பட்டு வெளியேறும் வரை உங்கள் பகுதியில் விலை அவர் வைத்ததுதான். உங்கள் கையிருப்பு அதுவரை தாங்குமா என்று பாருங்கள்.

அவர்கள் வருவதற்குச் சில மாதம் முன்பே அடையாளம் தெரியும். உள்ளூர் இடத் தரகர்களிடம் கேளுங்கள்: தரைத்தளத்தில், லோடு கரண்ட் வசதியோடு, வாசலில் இருபது முப்பது பைக் நிறுத்தும் அளவுக்கு இடம் யாராவது தேடுகிறார்களா? டெலிவரி ஆட்களுக்குச் சேர்ப்பு போனஸ் விளம்பரம் வருகிறதா? ஏஜென்சி சேல்ஸ்மேனிடமும் பேசுங்கள். பெரிய ஆன்லைன் கம்பெனிகள் தள்ளுபடி விலையில் விற்பதை எதிர்த்து அகில இந்திய நுகர்பொருள் விநியோகஸ்தர் கூட்டமைப்பு 2024-ல் போட்டி ஆணையத்திடம் முறையிட்டது. அந்த வட்டாரத்துக்கு இது பிழைப்புப் பிரச்சினை என்பதால் அவர்களுக்குச் செய்தி சீக்கிரம் எட்டும்.

புதியவர் வந்தால் தள்ளுபடி கூடுவது ஒருபுறம். அதைவிட மோசம் ஆர்டர் குறைவது. ஆட்கள், பை கட்டுபவர், வாடகை மூன்றும் சேர்ந்து மாதம் 72,000. ஆர்டர் 1,200 இருக்கும்போது இது ஆர்டருக்கு 60 ரூபாய். ஒரு நாளைக்குப் பத்து ஆர்டர் குறைந்து மாதம் 900 ஆனால் 80 ரூபாய். ஒரு கூப்பனும் தராமலே 20 ரூபாய் போய்விட்டது.

எட்டாம் படி: சராசரி போடாமல் படிப்பது

இப்போது கையில் இருப்பது: போட்டி 18, வாங்குபவர் 20, சரக்கும் உழைப்பும் 11, மாற்று வழி 15, புதியவர் 20. ஒவ்வொன்றும் தனித்தனியாகவே நம்மிடம் மிஞ்சிய ஒரு ரூபாயைவிடப் பல மடங்கு. ஐந்தையும் கூட்டி 84 ரூபாய் நஷ்டம் என்று சொல்லக் கூடாது, ஏனென்றால் ஒன்றோடொன்று கலந்தவை இவை. புதியவர் வந்தால் போட்டியும் ஆள் சம்பளமும் சேர்ந்தே அசையும். சராசரியும் போடக் கூடாது. நான்கு விசை சாதுவாக இருந்தாலும் ஐந்தாவது ஒன்றே மொத்த லாபத்தையும் எடுத்துப் போகலாம்.

கேட்க வேண்டியவை இரண்டு. எந்த விசை இன்றே நடப்பில் இருக்கிறது, எது இரண்டு ஆண்டுக்குள் வரும்? எதை நம் எல்லைக்கோட்டை மாற்றித் தவிர்க்க முடியும், எதை முடியாது? சந்தை வேகமாக வளர்கிறது என்பதை ஆறாவது விசையாகச் சேர்த்து ஆறுதல் தேட வேண்டாம். வளர்ச்சி புதியவர்களை இழுத்து வரும், அவ்வளவுதான். அரசு விதிகளையும் தனி விசையாக வைக்காமல், அது எந்த விசையை அசைக்கிறதோ அங்கே எழுதுங்கள். எம்.ஆர்.பி விதியைப் போட்டியில் எழுதியது அதனால்தான்.

மூன்று கிலோமீட்டர், இரண்டு மணி நேரம் என்ற நம் முதல் எல்லைக்குத் தீர்ப்பு, இறங்க வேண்டாம் என்பதே.

ஒன்பதாம் படி: எல்லையை மாற்றி மறுபடி ஓட்டுவது

பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். அதே பகுதியில் நேரத்தையும் வாடிக்கையாளரையும் மாற்றுங்கள். நான்கு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் மட்டும். இரவு ஒன்பது மணிக்கு ஆர்டர் முடியும், காலை ஆறிலிருந்து எட்டுக்குள் பால், காய்கறி, மளிகை வாசலுக்கு வரும். ஆர்டர் அதே 40 என்று கொள்வோம்.

ஒரு ஆளும் லோடு ஆட்டோவும் சேர்ந்து மாதம் 24,000 என்றால் ஆர்டருக்கு 20 ரூபாய், முன்பைவிட 10 மிச்சம். ஆர்டர் தெரிந்த பிறகே காந்தி மார்க்கெட்டில் கொள்முதல் என்பதால் அழுகல் 10 ரூபாயிலிருந்து 4-ஆகக் குறையும், 6 மிச்சம். மெயின் ரோட்டில் இடம் தேவையில்லை, சந்துக்குள் கிடங்கு போதும், வாடகையில் 6 மிச்சம். பத்து நிமிடக்காரரோடு நேருக்கு நேர் மோதாததால் தள்ளுபடி 12-லிருந்து 5 ஆகலாம், 7 மிச்சம். எதிர்ப்பக்கம், தினசரி ஆர்டர் சிறியது. பாக்கெட் சரக்கு 100 ரூபாய் குறைந்து ஆர்டர் 500 ஆகும், 10 ரூபாய் போகும். தினமும் 20 ரூபாய்க் கட்டணம் யாரும் தரமாட்டார்கள், 10 என்று வையுங்கள், இன்னொரு 10 போகும். பழைய ஒரு ரூபாயோடு சேர்த்தால் மிஞ்சுவது 10 ரூபாய், மாதம் 12,000.

விசைகளும் இடம் மாறுகின்றன. தள்ளுவண்டியின் வலு குறைகிறது, ஏனென்றால் கேட்டைத் தாண்டி அது வர முடியாத குடியிருப்புகள் பல. ஏஜென்சியின் வலு அப்படியே இருக்கிறது. புதியவர் இன்னும் எளிதாக நுழையலாம், அண்ணாச்சிக்கும் ஒரு லோடு ஆட்டோ கிடைக்கும். ஆனால் பெரிதாக வளர்வது வாங்குபவரின் வலு. முன்பு தனித்தனியாக இருந்த வீடுகளுக்கு இப்போது சங்கமும் வாட்ஸ்அப் குரூப்பும் இருக்கின்றன. அழுகிய ஒரு தக்காளியின் படம் காலை ஏழரைக்கு இருநூறு வீட்டுக்கும் போய்ச் சேரும். கேட்டுக்குள் வண்டி விடுவதா என்பது சங்கத்தின் கையில் இருக்கிறது. செயலாளர் வந்து "நம்ம குடியிருப்புக்கு ரெண்டு பர்சென்ட் குறைச்சுக் குடுங்க" என்று கேட்டால் 500 ரூபாயில் அது சரியாக 10 ரூபாய். மிஞ்சிய அத்தனையும் அதில் போய்விடும்.

ஆகவே இந்த இரண்டாம் எல்லையில் இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஆப் உருவாக்குவது அல்ல. நான்கு சங்கங்களிலும் உட்கார்ந்து, தள்ளுபடிக்குப் பதிலாக எதைக் கொடுத்தால் ஒப்புக்கொள்வார்கள் என்று பேச வேண்டும். கெட்ட பொருளுக்கு அன்றே பணம் திருப்பித் தருவது, எடை சரிபார்க்க கேட்டில் தராசு வைப்பது, வாரம் ஒருமுறை மட்டும் கட்டணம் வாங்குவது போன்றவற்றைக் காட்டிக் கேளுங்கள். நான்கில் மூன்று சங்கம் தள்ளுபடியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்றால், கடைக்கு முன்பணம் கொடுக்காமல் அந்த எல்லையையும் அழித்துவிட்டு, விடுதி மெஸ்களையோ சிறு ஹோட்டல்களையோ வைத்து மூன்றாவது கோடு போட்டுப் பாருங்கள்.